தாமதமாக வந்த பில் தொகைக்கு வட்டி கோரிக் கடிதம்

கோயம்புத்தூர் கணபதி,
02.12.2024

பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர் ஆலை

பொருள்: பில் எண் 41, 58 – தாமத வட்டி ரூ.41,957

ஐயா,

வணக்கம். இந்த இரண்டு பில்களின் அசல் தொகை நவம்பர் 15 அன்று எங்கள் கணக்கில் வரவானது. நன்றி. ஆனால் வட்டி வரவில்லை.

நம் ஒப்பந்தத்தின் 9.1ஆம் பிரிவுப்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் பில் தொகைக்கு ஆண்டுக்கு 18% தனிவட்டி, நாள் கணக்கில், என்கிறது 9.3. இது தாங்கள் தயாரித்து அனுப்பிய ஒப்பந்தம். நாங்கள் கையெழுத்து மட்டுமே போட்டோம்.

பில் 41, ரூ.4,72,000. தங்கள் ஸ்டோர்ஸ் சரக்கு ஏற்புச் சீட்டில் முத்திரை வைத்தது ஜூன் 5. கெடு ஜூலை 20. தாமதம் 118 நாள், வட்டி ரூ.27,467.

பில் 58, ரூ.3,54,000. ஏற்பு ஜூலை 10, கெடு ஆகஸ்ட் 24. தாமதம் 83 நாள், வட்டி ரூ.14,490.

சீட்டுகளின் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன்.

“எங்களுக்கே கஸ்டமரிடமிருந்து பணம் வரவில்லை” என்று தங்கள் அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். கஷ்டம் புரிகிறது. ஆனால் அங்கே பணம் வந்த பிறகுதான் இங்கே தருவோம் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. தரம் பற்றி ஏதாவது குறை இருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 6.2; அப்படி ஒரு கடிதமும் வரவில்லை. ஃபிளாஞ்சுகள் அத்தனையும் தங்கள் லைனில் ஏறிவிட்டன. வார்ப்படக்காரருக்கும் ஜிஎஸ்டிக்கும் நாங்கள் கட்டியது வங்கி ஓவர் டிராஃப்டில் எடுத்த பணம். அதற்கு மாதாமாதம் வட்டி போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். பதிவு எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, பிரிவு 16இன்படி தாமத வட்டி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் இப்போது 6.75%, அதாவது 20.25%. ஒப்பந்தத்தில் வேறு வட்டி எழுதியிருந்தாலும் இதுதான் செல்லும். பல வருட வியாபாரம் என்பதால் இப்போதைக்கு ஒப்பந்த வட்டியோடு நிற்கிறேன்.

டிசம்பர் 20க்குள் ரூ.41,957 வந்தால் இந்த விஷயத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சட்டப்படியான கூட்டுவட்டியைக் கேட்டு, பிரிவு 18இன் கீழ் கோவை வசதியாக்க மன்றத்தில் மனு கொடுப்போம். கணக்கில் வித்தியாசம் தெரிந்தால் அதற்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள், உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

அடுத்த ஆர்டருக்கான ஃபிளாஞ்சுகள் சொன்ன தேதியில் வந்துசேரும்.

இப்படிக்கு,
உரிமையாளர்
(கையொப்பம், நிறுவன முத்திரை)

நகல்: கொள்முதல் பிரிவு மேலாளர்