இன்று முதல் உங்கள் ஜிஎஸ்டி கணக்கு எங்கள் பொறுப்பு

வணக்கம் முருகேசன் அண்ணே,

மதியம் போனில் "சரிம்மா, இனி நீங்களே பாருங்க" என்று சொன்னீர்கள். ரொம்ப சந்தோஷம். பல வருஷம் பழகிய கணக்கரை மாற்றுவது லேசான முடிவு இல்லை. அதனால் பேசியதையெல்லாம் இன்றே எழுத்தில் தந்துவிடுகிறேன்.

முதலில் வண்டி விஷயம். போன சீசனில் குமுளியிலிருந்து இறங்கிய ஏலக்காய் ராத்திரி முழுக்க ரோட்டில் நின்றதாகச் சொன்னீர்களே, அது இனி நடக்கக் கூடாது. உங்கள் குமுளிக் கடையின் ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்குகிறது, கம்பம் குடோனுடையது 33. இரண்டும் உங்களுடையதுதான், ஆனால் ஜிஎஸ்டி சட்டப்படி தனித்தனி ஆட்கள். விற்பனையே இல்லாமல் கடையிலிருந்து குடோனுக்கு மாற்றினாலும் வரி பில் போட்டு ஐஜிஎஸ்டி காட்ட வேண்டும், வெறும் டெலிவரி சலான் போதாது. அந்த வரி கம்பம் எண்ணுக்கு கிரெடிட்டாக வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் இ-வே பில். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அது கட்டாயம். காய் கிலோ ஆயிரத்தைத் தாண்டினாலே 50 கிலோ மூட்டை ஒன்றே அந்த அளவுக்கு மேல் போய்விடும். எனவே மூட்டை ஏற்றும் முன் எடையையும் வண்டி நம்பரையும் கடைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நாங்கள் பில் போட்டு அனுப்பிய பிறகு வண்டி கிளம்பினால் போதும். வழியில் வண்டி மாறினால் உடனே சொல்லுங்கள், அதே இ-வே பில்லில் புது நம்பரை ஏற்றிவிடலாம்.

மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி, இரண்டு எண்களுக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எவ்வளவு வரி, எவ்வளவு கிரெடிட் என்று தமிழில் ஒரு பக்கம் அனுப்புவேன். போர்ட்டலில் இருக்கும் மொபைல் எண்ணை மாற்ற மாட்டோம். ஓடிபி உங்கள் போனுக்கே வரும், நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டு சொன்னால்தான் தாக்கல் ஆகும்.

கட்டணம் பேசியபடி இரண்டு எண்ணுக்கும் சேர்த்து மாதம் 3,500 ரூபாய். இ-வே பில்லும் அதற்குள்ளேயே. ஆண்டு ரிட்டர்ன் மட்டும் தனி, தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எந்த மாதம் வேண்டாம் என்று தோன்றினாலும் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் ஃபைல் முழுவதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

பழைய கணக்கரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மீதியை நானே அவரிடம் மரியாதையாகப் பேசி வாங்கிக்கொள்கிறேன். தாக்கல் ஆன ரிட்டர்ன்கள் போர்ட்டலிலேயே இருப்பதால் எதுவும் தொலையாது.

உங்களிடம் இப்போது வேண்டியது, இந்த மாதக் கொள்முதல், விற்பனை பில்களின் போட்டோ மட்டும். திங்கள் காலை பத்து மணிக்கு நானே கம்பம் குடோனுக்கு வருகிறேன். அதற்குள் சந்தேகம் வந்தால், மதியம் பேசிய அதே நம்பரில் கூப்பிடுங்கள் அண்ணே.

அன்புடன்,
தமிழரசி