மாவுக்கட்டு போட்ட பிறகு வீட்டில் கவனிக்க வேண்டியவை

குழந்தை: பெண், 7 வயது, எடை 20 கிலோ. இடது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிவு. முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. கட்டு போட்டது: செவ்வாய் மாலை.

முதல் மூன்று நாள்

வீக்கம் இப்போது இருப்பதோடு நிற்காது. இரண்டு, மூன்று நாள் வரை கூடும். கட்டு விரியாது என்பதால், உள்ளே வீங்கினால் தசையும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும். கையைத் தொங்கவிடாமல் வைப்பதுதான் முக்கியமான வைத்தியம். படுக்கும்போது இரண்டு தலையணை அடுக்கி, விரல்கள் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். நடக்கும்போது தூளி மாட்டுங்கள்; மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, துணி சுற்றி, கட்டின் மேல் 15 நிமிடம் வைக்கலாம். கட்டு நனையக் கூடாது.

மாவு முழுசாகக் காய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை விரல் நுனியால் அழுத்தித் தூக்காதீர்கள், உள்ளங்கையால் தாங்குங்கள். ஈர மாவில் விழும் பள்ளம் அப்படியே இறுகி, உள்ளே தோலைப் புண்ணாக்கும். மேசை விளிம்பில் கையை ஊன்றவும் விடாதீர்கள். கட்டின் மேல் போர்வை வேண்டாம், மின்விசிறிக் காற்று போதும்.

மோதிரம், காப்பு, மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் இன்றே கழற்றுங்கள். அந்தக் கை விரல்களுக்கு மருதாணியோ நகப்பூச்சோ வேண்டாம். நிறம் மாறினால் தெரியாமல் போகும்.

விரல் சோதனை

முதல் இரண்டு நாள், இரவிலும் எழுப்பி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். அடுத்த கை விரலோடு தொட்டு ஒப்பிட்டால் சூடு சமமாக இருக்க வேண்டும். பிறகு கல், காகிதம், கத்தரி விளையாட்டுபோல மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போடவும் சொல்லுங்கள். கையின் ஒவ்வொரு நரம்பும் வேலை செய்கிறதா என்பது இதிலேயே தெரிந்துவிடும். விரல்களை ஆட்டிக்கொண்டே இருந்தால் வீக்கமும் வடியும்.

வலிக்கு

பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது, 6 மி.லி.; ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. பாட்டிலில் 125 என்று போட்டிருந்தால் அது பாதி வீரியம். கடையில் மாற்றி வாங்குங்கள்.

அரிப்பு

ஓரிரு நாளில் ஆரம்பிக்கும். ஸ்கேல், பென்சில், ஊக்கு, ஈர்க்குச்சி எதையும் உள்ளே விடக் கூடாது. கீறினால் புண் தெரியாது, சீழ் பிடித்த பிறகுதான் நாற்றம் வரும். பவுடர், எண்ணெய் ஊற்றினால் கட்டியாகி இன்னும் அரிக்கும். கட்டின் மேல் லேசாகத் தட்டலாம். ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து ஓரத்தில் ஊதலாம். சூடான காற்று சுட்டுவிடும். வியர்வைதான் பாதிக் காரணம். வெயிலில் விளையாட விடாதீர்கள். பஞ்சைப் பிய்த்து எடுக்கவும் கூடாது. குளிக்கும்போது கட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி, மேல்முனையில் டேப் ஒட்டி, கையைத் தண்ணீருக்கு வெளியே வையுங்கள்.

உடனே வர வேண்டியவை

சிரப் கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால், விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போதே அலறினால், அதுதான் முதல் எச்சரிக்கை. விரல் நீலமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். தசை சாகச் சில மணி நேரம் போதும், பிறகு விரல்கள் மடங்கியே நின்றுவிடலாம். சின்னக் குழந்தை வலி என்று சொல்லாமல், தூங்காமல் அழுது முரண்டு பிடிக்கலாம். அதையும் வலியாகவே எடுங்கள்.

மரத்துப்போதல், எறும்பு ஊர்வதுபோல் இருத்தல், விரல் அசையாமை, வெளுத்தல், நீலம், சில்லிட்டுப்போதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள், நள்ளிரவானாலும். வண்டி இல்லையென்றால் 108. வரும் வழியில் கையை நெஞ்சு உயரத்தில் மட்டும் வையுங்கள், அதற்கு மேல் தூக்க வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிட ஒன்றும் கொடுக்காதீர்கள். கட்டை வீட்டில் அறுக்காதீர்கள்.

நாற்றம், கசிவு, காய்ச்சல் இருந்தால் அன்றே வாருங்கள். கட்டு நனைந்தாலும், உடைந்தாலும், வீக்கம் வடிந்து லொடலொடவென்று ஆடினாலும் அப்படியே. தளர்ந்த கட்டுக்குள் எலும்பு விலகும். கட்டைப் பிரித்து எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

அடுத்த செவ்வாய் காலை 9 மணிக்கு, எலும்பு முறிவு புறநோயாளிப் பிரிவு, அறை 14. வலியே இல்லாவிட்டாலும் வாருங்கள்: எலும்பு விலகுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான், எக்ஸ்ரேயில்தான் தெரியும். பழைய எக்ஸ்ரேயையும் இந்தத் தாளையும் எடுத்து வாருங்கள். கட்டு சுமார் ஆறு வாரம் இருக்கும்.