நனைந்து வந்த 14 மூட்டை நூல்: மாற்று கோரி நூற்பாலைக்கு எழுதிய கடிதம்

அனுப்புநர்:
கொள்முதல் மேலாளர்,
பின்னலாடை உற்பத்திப் பிரிவு,
திருப்பூர்.

பெறுநர்:
விற்பனை மேலாளர்,
நூற்பாலை விற்பனை அலுவலகம்,
ராஜபாளையம்.

நாள்: 22.11.2025

பொருள்: 30-ஆம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல், லாட் 112 – 50 மூட்டையில் 14 மூட்டை நனைந்தும் பூசணம் பிடித்தும் வந்தது – மாற்று மூட்டை கோருதல்.

பார்வை: எங்கள் ஆர்டர் எண் 308, நாள் 10.11.2025, தங்கள் இன்வாய்ஸ் எண் 1187, நாள் 18.11.2025, லாரி ரசீது எண் 4406.

ஐயா,

வணக்கம். மேற்படி இன்வாய்ஸின்படி தாங்கள் அனுப்பிய 50 மூட்டை நூல் (மூட்டைக்கு 24 கோன், 60 கிலோ, மொத்தம் 3,000 கிலோ) 19.11.2025 காலை 7.20 மணிக்கு எங்கள் குடோனுக்கு வந்து சேர்ந்தது. இதில் 14 மூட்டைகளை நாங்கள் ஏற்கவில்லை. 19-ஆம் தேதி காலையிலேயே போனிலும் வாட்ஸ்அப்பிலும் இதைச் சொல்லியிருந்தோம். சோதனைகள் முடிந்துவிட்டதால் இப்போது எழுத்தில் தருகிறோம்.

ஏற்காத மூட்டைகள் இரண்டு வகை. இரண்டும் ஒரே காரணத்தால் கெட்டவை அல்ல. அதனால் தனித்தனியாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதல் வகை, மழையில் நனைந்தவை: மூட்டை எண் 7, 8, 11, 12, 15, 16, 19, 20, 23, 24. இந்தப் பத்தும் லாரியின் இடப்பக்கத்தில் மேல் இரண்டு அடுக்கில் இருந்தவை. அவற்றுக்கு நேர் மேலே தார்ப்பாயில் சுமார் ஒன்றரை அடி நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. சாக்கும் உள் பாலிதீன் உறையும் ஈரம். சுற்றோரத்துக் கோன்களின் அட்டை ஊறி நுனி மடங்கிவிட்டது. கோன் அட்டை இளகினால் நூல் அடுக்கு சரிந்து வரும். மிஷினில் ஏற்றினால் பாதியில் சிக்கி அறுந்துபோகும்.

இரண்டாம் வகை, பூசணம் பிடித்தவை: மூட்டை எண் 41, 42, 45, 46. இவை லாரியின் வலப்பக்கம், அடி அடுக்கில் இருந்தவை. இவற்றின் மேல் அடுக்கு மூட்டைகள் காய்ந்திருந்தன. லாரித் தளமும் அந்தப் பக்கம் காய்ந்திருந்தது. ஆனால் இந்த நான்கு சாக்குகளின் அடிப்பாகத்தில் பழுப்பு நிற நீர்க்கோடு இருக்கிறது. உள்ளே அடிக்கோன்களில் சாம்பல், கறுப்பு நிறப் புள்ளிகள். பிரித்தவுடன் பூசண வாடை. இந்த வாடை லாரி வந்த அன்று காலையே இருந்தது.

20-ஆம் தேதி தாங்கள் போனில், "மழை எங்கள் கையில் இல்லை, டிரான்ஸ்போர்ட்டிடம் கிளெய்ம் போடுங்கள்" என்றீர்கள். முதல் வகைக்கு எங்கள் பதில்: எங்கள் ஆர்டர் டோர் டெலிவரி. சரக்கு எங்கள் குடோனில் நல்ல நிலையில் இறங்கும் வரை பொறுப்பு விற்பவருடையது என்று ஆர்டரின் 4-ஆம் நிபந்தனை சொல்கிறது. அந்த ஆர்டரைத் தாங்கள் கையெழுத்திட்டு ஏற்றிருக்கிறீர்கள். லாரியை அமர்த்தியதும் வாடகை கொடுத்ததும் தாங்கள்தான். டிரான்ஸ்போர்ட்டிடமோ இன்ஷூரன்ஸிலோ கிளெய்ம் கேட்க வேண்டியது தாங்கள். அதற்குத் தேவையான காகிதங்களை நாங்கள் தருகிறோம்.

இரண்டாம் வகைக்கு டிரான்ஸ்போர்ட்டைச் சொல்லவே முடியாது. லாரி 18-ஆம் தேதி இரவு ராஜபாளையத்தில் ஏறி மறுநாள் காலை இங்கே வந்துவிட்டது. பஞ்சு நூலில் கண்ணுக்குத் தெரியும் அளவு பூசணம் ஓர் இரவில் வராது. ஈரம் சில நாட்களாவது தங்கியிருக்க வேண்டும். சாக்கின் அடியில் மட்டும் நீர்க்கோடு இருப்பதைப் பார்த்தால், ஏற்றுவதற்கு முன்பே மூட்டைகள் ஈரத் தரையில் பலகையில்லாமல் வைக்கப்பட்டிருந்தன என்றே தெரிகிறது. தங்கள் குடோனில் இதே லாட்டின் அடி அடுக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இதே நிலையில் இன்னும் மூட்டைகள் இருக்கக்கூடும்.

ஆதாரங்கள் வருமாறு. தார்ப்பாயை அவிழ்க்கும் முன்பும் அவிழ்க்கும்போதும் எடுத்த வீடியோ ஒன்று (காலை 7.40), மூட்டைகள் லாரியில் இருந்த இடத்திலேயே எண்ணுடன் எடுத்த 23 படங்கள். லாரி ரசீதின் எங்கள் பிரதியில், "தார்ப்பாய் கிழிசல், 10 மூட்டை நனைவு, 4 மூட்டை பூசணம்" என்று எழுதி டிரைவர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு மூட்டையும் இறக்கப்படவில்லை.

எடை: 50 மூட்டையையும் எங்கள் மின் தராசில் நிறுத்தோம். காய்ந்த மூட்டை சாக்கு, கோன் அட்டை உட்பட சராசரி 61.4 கிலோ. ஏற்காத 14 மூட்டை 62.9 முதல் 67.3 கிலோ வரை, மொத்தம் 909.5 கிலோ. இருக்க வேண்டியது 859.6 கிலோ. ஆக, சுமார் 50 கிலோ தண்ணீர். இதில் சாக்கும் அட்டையும் குடித்த நீரும் அடக்கம் என்பதால், நூலின் ஈரத்தைத் தனியாகவும் அளந்தோம். பஞ்சு நூலுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஈரம் (மாய்ஸ்ச்சர் ரீகெயின்) 8.5 சதவீதம். நல்ல மூட்டைகளில் மீட்டர் 7.8 முதல் 8.6 வரை காட்டியது. ஏற்காத மூட்டைகளில் ஓரக் கோன்கள் 13 முதல் 18 வரை, நடுக் கோன்கள் 9 முதல் 10 வரை. ஒரே மூட்டைக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் பெரிய சிக்கல். ஒட்டுமொத்த சராசரியை வைத்து இதை ஏற்றுக்கொள்ள முடியாது.

சாம்பிள் நிட்டிங்: நல்ல மூட்டையிலிருந்து 2 கோன், 41-ஆம் எண் மூட்டையிலிருந்து 2 கோன் எடுத்து, சிறிய சாம்பிள் மிஷினில் சுமார் 5 செ.மீ. பட்டையாக மாற்றி மாற்றி ஓட்டி, ஒரே பாத்தில் வெளிர் நீலச் சாயம் போட்டோம். நல்ல நூல் பட்டை சீராக ஏறியிருக்கிறது. பூசண நூல் பட்டையில் மங்கல் புள்ளிகள் தெரிகின்றன. ஸ்கவரிங், ப்ளீச்சிங் செய்த பிறகும் கறை போகவில்லை. அந்தத் துணியில் பாதியை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறோம். மறுபாதி எங்களிடம் இருக்கிறது.

"வெயிலில் காயவைத்து ஓட்டிவிடுங்கள்" என்றும் தாங்கள் சொன்னீர்கள். நல்லெண்ணத்தில் சொன்னது என்றாலும் ஹோசியரி நூலுக்கு அது ஒத்துவராது. கோனில் சுற்றிய நூல் வெளியே காய்ந்தாலும் உள்ளடுக்கில் ஈரம் நிற்கும். அங்கே பூசணம் தொடரும். பூசணம் பஞ்சு இழையையே தின்பதால் நூலின் வலு குறைந்து துணியில் ஓட்டை விழும். நனைந்து காய்ந்த நூலில் மெழுகுப் பூச்சும் சீராக இருக்காது. ஊசியில் உரசல் கூடி, கண்ணி அளவு மாறும். இந்த ஆர்டர் முழுவதும் வெளிர் நிறங்கள். கறுப்பு, நேவி போன்ற அடர் நிறமாக இருந்தாலாவது மழையில் நனைந்த பத்து மூட்டையைப் பற்றி யோசித்திருக்கலாம்.

எங்கள் கோரிக்கை:

ஏற்காத 14 மூட்டைக்கும் (840 கிலோ) மாற்று மூட்டைகள் லாட் 112-லிருந்தே 28.11.2025 வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் குடோனில் இறங்க வேண்டும். மற்ற 36 மூட்டைகளை இதே லாட்டில்தான் ஓட்டப் போகிறோம். வேறு லாட் கலந்தால் சாயத்துக்குப் பிறகு துணியில் வரி வரியாகத் தெரியும். சாயப்பட்டறையில் 3.12.2025-க்கு இடம் பிடித்திருக்கிறோம். அதற்கு முன் நிட்டிங் முடிய வேண்டும் என்பதாலேயே இந்தத் தேதி.

லாட் 112 கைவசம் இல்லையென்றால் வேறு லாட்டைச் சொல்லாமல் அனுப்ப வேண்டாம். 25-ஆம் தேதிக்குள் அதைத் தெரிவித்து, 840 கிலோவுக்குக் கிரெடிட் நோட் கொடுத்துவிடுங்கள்: கிலோ ரூ.248 வீதம் ரூ.2,08,320, ஜிஎஸ்டி 5 சதவீதம் ரூ.10,416, மொத்தம் ரூ.2,18,736. மாற்று மூட்டை அனுப்பினாலும் பழைய 14-க்குக் கிரெடிட் நோட்டும் புதியதற்குத் தனி இன்வாய்ஸும் போடுவதே இரண்டு பக்கமும் கணக்குக்கு நல்லது. "ஃப்ரீ ரிப்ளேஸ்மென்ட்" என்று வெறும் சலானில் அனுப்பினால் பிறகு ஜிஎஸ்டி கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கெட்ட மூட்டைகளைத் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்று கொண்டுவரும் வண்டியே திரும்ப ஏற்றிச் செல்லலாம். வண்டி எண்ணை முதல் நாள் சொன்னால் இ-வே பில் நாங்கள் போட்டுத் தருகிறோம். அதுவரை அவை குடோனில் தனியாக, பலகை மேல் இருக்கும். சாம்பிளுக்கு எடுத்த இரண்டு கோன் தவிர ஒரு கோனும் தொடப்படவில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் 24, 25 தேதிகளில் தங்கள் ஆளை அனுப்புங்கள். எங்கள் சோதனையில் சந்தேகம் இருந்தால், அவர் முன்னிலையிலேயே இரு தரப்பும் சீல் வைத்து மூட்டைக்கு ஒரு கோன் வீதம் எடுத்து, கோவை சிட்ரா ஆய்வகத்துக்கு அனுப்பச் சம்மதம். முடிவு எங்களுக்கு எதிராக வந்தால் கட்டணம் எங்களுடையது, இல்லையென்றால் தங்களுடையது.

மீதமுள்ள 36 மூட்டைகளை ஏற்றுக்கொண்டோம். அவற்றில் 3, 27, 28, 31, 32 ஆகிய ஐந்தின் வெளிச்சாக்கு மட்டும் ஈரமாக இருந்தது; உள் உறை கிழியவில்லை, நூல் ஈரம் 8.6-க்குள்தான். அதனால் அவற்றுக்கு எதுவும் கேட்கவில்லை. 36 மூட்டைக்கான ரூ.5,62,464 வழக்கம்போல் 30 நாள் தவணையில் 18.12.2025 அன்று தங்கள் கணக்கில் வரவாகும். 14 மூட்டைக்கான தொகை மட்டும் நிறுத்திவைக்கப்படுகிறது. நல்ல மூட்டைகளை எடுத்துக்கொண்டதை மற்ற 14-க்கான ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. சரக்கைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்குள்ள உரிமையும், ஏற்காத சரக்கைத் திருப்பி அனுப்பும் கடமை அவருக்கு இல்லை என்பதும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41, 43-ஆம் பிரிவுகளில் இருப்பது தாங்கள் அறிந்ததே.

28-ஆம் தேதிக்குள் சரியான லாட்டில் மாற்று வந்துவிட்டால் எங்களுக்கு வேறு எந்த நஷ்ட ஈடும் வேண்டாம். வராவிட்டால் வெளியே வாங்கும் நூலின் விலை வித்தியாசத்தையும் சாயப்பட்டறை இடம் தவறும் செலவையும் ரசீதுகளோடு தங்கள் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த லோடு ஏற்றும்போது அடி அடுக்குக்குப் பலகையும் மேலே இரட்டைத் தார்ப்பாயும் போடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை இது அவசியம். பதிலை 25.11.2025 மாலைக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கொள்முதல் மேலாளர்

இணைப்பு: வீடியோவும் 23 படங்களும் (பென் டிரைவில்), டிரைவர் குறிப்புடன் லாரி ரசீது நகல், 50 மூட்டையின் எடைப் பட்டியல், ஈர அளவுப் பட்டியல், சாயமிட்ட சாம்பிள் துணி, ஆர்டர் எண் 308-இன் நகல்.

நகல்: கணக்குப் பிரிவு (ரூ.2,18,736 நிறுத்திவைக்க); குடோன் பொறுப்பாளர்.