மனை எண் 15-ல் வரவிருக்கும் உயரக் கட்டடத்துக்கு ஆட்சேபணை

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
மனை எண் 14, மூன்றாவது குறுக்குத் தெரு.

பெறுநர்:
திட்டமிடல் அலுவலர்,
நகரத் திட்டமிடல் அலுவலகம்.

நாள்: 9.6.2025

பொருள்: மனை எண் 15-ல் தூண் தளமும் ஆறு மாடிகளும் கொண்ட குடியிருப்புக் கட்டட விண்ணப்பம் – பக்கத்து வீட்டின் ஆட்சேபணை.

பார்வை: 26.5.2025 அன்று மனையின் வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மனை எண் 15-க்கு ஒட்டி மேற்கே இருக்கும் வீடு எங்களுடையது. 27 ஆண்டுகளாக இங்கே குடியிருக்கிறோம். அறிவிப்பில் கொடுத்திருந்த 21 நாள் கெடுவுக்குள் இந்த ஆட்சேபணையை அளிக்கிறேன்.

கடந்த புதன்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு வந்து வரைபடங்களைப் பார்த்தேன். மனை வரைபடத்தில் எங்கள் இடம் ‘காலி மனை’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. வீடும் இல்லை, ஜன்னலும் இல்லை, வெறும் கட்டம். தவறுதலாக நடந்ததா, வேறு எப்படியா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரைபடத்தை மட்டும் பார்த்து அனுமதி வழங்கினால், இந்தக் கட்டடம் யாருடைய வெளிச்சத்தை மறைக்கிறது என்ற கேள்வியே எழாது. அதனால்தான் நானே டேப் பிடித்து அளந்த கணக்கை எழுதுகிறேன்.

எங்கள் கிழக்கு அறையின் ஜன்னலிலிருந்து காம்பவுண்டு சுவர் 1.5 மீட்டர். அந்தப் பக்கம் அவர்கள் விடுவதாகக் காட்டும் இடைவெளி 3 மீட்டர். ஆக, எங்கள் ஜன்னலுக்கும் புதுச் சுவருக்கும் நடுவே 4.5 மீட்டர். கட்டடத்தின் உயரம் 21 மீட்டர். ஜன்னலின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதற்கு மேல் 19.5 மீட்டருக்குச் சுவர் எழும்பும். கோணமாகக் கணக்கிட்டால் சுமார் 77 பாகை. தரைக்கும் உச்சிக்கும் நடுவிலுள்ள 90 பாகையில் 77 சுவருக்குப் போய்விட்டால், வானத்துக்கு மிச்சம் 13. இடித்த பழைய ஓட்டு வீடு 4 மீட்டர் உயரம், எங்கள் ஜன்னலிலிருந்து 6 மீட்டர் தூரம்; அது மறைத்தது சுமார் 23 பாகைதான். பகல் வெளிச்சத்தை ஆராய்பவர்கள் முதல் சோதனையாக 25 பாகையை வைத்துக்கொள்வதுண்டு: எதிர்க் கட்டடம் அந்தக் கோணத்துக்குள் அடங்கினால் ஜன்னலுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது என்பது அதன் பொருள். இதுவரை நாங்கள் அந்த வரம்புக்குள் இருந்தோம்.

இந்த 77-ம் அவர்கள் சொன்ன அளவை நம்பிப் போட்ட கணக்கு. குறுக்குவெட்டு வரைபடத்தைப் பாருங்கள். முதல் மாடியிலிருந்து எங்கள் பக்கமாக 1.2 மீட்டர் நீட்டிக்கொண்டு பால்கனிகள் இருக்கின்றன. மனை வரைபடத்தில் அவை இல்லை. அப்படியானால் காகிதத்தில் 3 மீட்டர் என்று எழுதிய திறந்தவெளி, மேலே போனதும் 1.8 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. எங்கள் ஜன்னலுக்கு நேராகப் பால்கனி வரும் இடத்தில் மேல்மாடி வரை மறைப்பு 80 பாகை.

மிச்சமிருக்கும் அந்தத் துண்டு வானத்தில் வெயில் வருமா என்றால், வராது. சூரியன் அவ்வளவு உயரத்துக்கு ஏறும்போது எங்கள் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடே அதை மறைத்துவிடும். இப்போது காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை அந்த அறையில் வெயில் விழுகிறது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு வெளியே போக முடியாத என் மாமியார் அங்கேதான் இருக்கிறார். மழைக்காலத்தில் நனைந்த கிழக்குச் சுவர் காய்வதும் அந்த வெயிலில்தான். வெயில் படாத பின்பக்கச் சுவரில் வருடாவருடம் பாசி பிடிப்பதைப் பார்க்கிறோம். இனி வீடு முழுக்க அந்தக் கதைதான்.

காற்றைப் பற்றி வரைபடம் இன்னும் மோசமாகப் பேசுகிறது. கிழக்கு ஜன்னலில் நுழையும் காற்று கூடத்தைக் கடந்து மேற்கு ஜன்னல் வழியாக வெளியேறுகிறது. எதிரே 21 மீட்டர் சுவர் நின்றாலும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவேயுள்ள சந்து இரு முனையிலும் திறந்திருந்தால் ஓரளவு காற்று ஓடும். ஆனால் சந்தின் வடக்கு முனையை ஜெனரேட்டர் அறை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் மூடிய குழாய்க்குள் காற்று எங்கிருந்து ஓடும்? அதே சந்துக்குள்தான் ஆறு மாடிக் கழிவறைகளின் காற்றுபோக்கிகளும் ஏசியின் வெளி யூனிட்டுகளும் திறக்கின்றன. நாற்றமும் சூடும் வெளியேற வழியில்லாமல் எங்கள் ஜன்னல் மட்டத்தில் தேங்கும். ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று எந்தத் தாளிலும் காட்டப்படவில்லை.

கட்டுமானத் தரப்பிலிருந்து வந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். “லைட் போட்டுக்கொள்ளுங்கள், ஏசி வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். சரி, வைக்கலாம். அந்த ஏசியின் வெளி யூனிட்டும் அதே சந்துக்குள்தானே சூட்டைக் கக்கும்! அவர்கள் பால்கனியிலிருந்து எங்கள் அறைக்குள் பார்க்க முடியும் என்பதைக்கூட நான் ஆட்சேபணையாக எழுதவில்லை. அதற்குத் திரை போட்டுக்கொள்வோம்.

பக்கத்து மனையில் எதுவுமே கட்டக்கூடாது என்பது எங்கள் கோரிக்கை இல்லை. அந்த இடத்தின் உரிமையாளருக்கு வீடு கட்ட உரிமை உண்டு. ஓட்டு வீடு போய் மாடி வீடு வரும் என்று நாங்களும் எதிர்பார்த்ததுதான். 25 பாகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த உயரத்துக்குக் கட்டடம் 40 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அது நடக்காது என்று எனக்கும் தெரியும். தூண் தளத்துக்கு மேல் மூன்று மாடியோடு நிறுத்தி, எங்கள் பக்க இடைவெளியை 6 மீட்டராக்கினால், எங்கள் ஜன்னலுக்கு வானம் 13 பாகையிலிருந்து சுமார் 35 பாகையாகத் திறக்கும். மாடி எண்ணிக்கையைக் குறைக்கவே முடியாது என்றால், மேல் மாடிகளைப் படிப்படியாகக் கிழக்கே உள்வாங்கிக் கட்டும் மாற்று வரைபடத்தையாவது கேளுங்கள். எப்படியானாலும் எங்கள் பக்கத்துப் பால்கனிகள் நீக்கப்பட வேண்டும். ஜெனரேட்டர் அறை சந்தை விட்டு நகர வேண்டும். காற்றுபோக்கிகள் கட்டடத்துக்குள்ளேயே ஒரு ஷாஃப்ட் வழியாக மொட்டைமாடிக்கு மேல் போய்த் திறக்க வேண்டும். இவற்றில் கடைசி இரண்டுக்கும் அவர்கள் ஒரு அறையைக்கூட இழக்கத் தேவையில்லை.

அதற்கு முன்னால், எங்கள் வீட்டையும் ஜன்னல்களையும் சரியான அளவோடு காட்டும் திருத்திய மனை வரைபடம் வரும்வரை விண்ணப்பத்தை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். தங்கள் அலுவலர் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். தயவுசெய்து காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வரச் சொல்லுங்கள். மதியம் வந்தால் அறையில் வெயில் இருக்காது, மறைவதற்கு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போகும்படி ஆகிவிடும். பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருப்போம்.

காலை ஏழு மணி தொடங்கி மணிக்கொரு முறை அந்த அறையில் எடுத்த நான்கு புகைப்படங்களையும், அளவுகள் குறித்த கைவரைபடம் ஒன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். விசாரணை நடத்துவதாக இருந்தால் தேதியை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் பெறப்பட்டதற்கான ஒப்புகையை நகலில் முத்திரையிட்டுத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனை எண் 14-ன் உரிமையாளர்