வளைகாப்பு மதியச் சாப்பாடு, 60 இலை: விலைக் கணக்கு

வணக்கம் அக்கா. வரும் ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டு மாடியில் பகல் 12 மணிப் பந்திக்கு இலைக்கு ரூ.265, மொத்தம் ரூ.15,900. விலை எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள், விவரம் கீழே.

சாதம், சாம்பார், ரசம், தயிர், பீன்ஸ் பொரியல், உருளை வறுவல், வடை, சேமியா பாயசம், அப்பளம், ஊறுகாய்.

பொன்னி அரிசி ஆளுக்கு 150 கிராம், 9 கிலோ ரூ.585. துவரம்பருப்பு 2 கிலோ 320. வடைக்கு உளுந்து ஒன்றரை கிலோ 210 (கிலோவுக்கு 40 வடை வரும்). காய்கறி, தேங்காய் 1,330. பாயசச் சாமான் 1,040. தயிர் 420. அப்பளம், ஊறுகாய் 230. புளி, மசாலா 350. எண்ணெய் 4 லிட்டர் 600. பொரித்து மீந்த எண்ணெயை அடுத்த ஆர்டருக்குக் கொண்டுபோவதில்லை, அதனால் முழுதும் உங்கள் கணக்கில். இதுவரை 5,085. இலையும் தண்ணீர் பாட்டிலும் தலா 65 எண்ணிக்கை, 875.

சேதாரம் இரண்டு வகை. தோல், காம்பு கழிவு வாங்கும் எடையிலேயே சேர்ந்துவிட்டது: பீன்ஸ் 5 கிலோ வாங்கினால் நாலரைதான் கடாய்க்கு வரும், உருளை 6 கிலோ உரித்தால் 5. இரண்டாம் முறை கேட்பது, சொல்லாமல் வரும் நாலைந்து பேர், அடிப்பிடிப்பு ஆகியவற்றுக்குச் சாமானில் 8 சதவீதம், ரூ.407. கழிவை இதிலும் போட்டால் ஒரே செலவு இரண்டு முறை விழும், அதைச் செய்யவில்லை.

ஆள் கூலிதான் பெரிய செலவு. மாஸ்டர் 1,800, உதவிக்கு இருவர் 1,800, பரிமாற மூவர் 1,800, பாத்திரம் கழுவ ஒருவர் 600, ஆக 6,000. அதாவது இலைக்கு 100 ரூபாய். கேஸ் 500, வண்டி 900. எல்லாம் சேர்த்து 13,767. அதன்மேல் எங்கள் பங்கு 15 சதவீதம் வைத்தால் 15,832, இலைக்கு 263.87 வருவதை 265 ஆக்கியிருக்கிறோம். ஜிஎஸ்டி பதிவு இல்லாததால் வரி இல்லை.

நீங்கள் 40 பேராகக் குறைக்கலாமா என்று யோசிப்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். சாமான் குறையும், ஆனால் மாஸ்டரும் உதவியாட்களும் வண்டியும் அப்படியே வேண்டும், பரிமாற மட்டும் ஒருவர் குறைவார். அப்போது இலைக்கு 315. மாறாக 100 பேர் என்றால், இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டும் 230தான். வளைகாப்புக்கு ஆள் எண்ணிக்கை கடைசியில் ஏறுவதுதான் வழக்கம், 60ஐ வைத்துக்கொள்வது நல்லது.

பீன்ஸ் கிலோ 80 ரூபாய் என்று போட்டிருக்கிறோம். 110 ஆனாலும் இலைக்கு இரண்டரை ரூபாய்தான், அதை நாங்களே ஏற்கிறோம். அதற்கும் மேலே போனால் கோஸ் பொரியலாக மாற்றலாமா என்று உங்களிடம் கேட்டுக்கொள்வோம்.

வியாழன் மாலைக்குள் ரூ.8,000 முன்பணம் வேண்டும். வெள்ளி மாலை 6 மணிக்குச் சொல்லும் எண்ணிக்கையே கணக்கு. சனி காலை காய் வாங்கிவிடுவதால் பிறகு குறைத்தாலும் அந்தத் தொகை வரும். மீதியைப் பந்தி முடிந்ததும் கொடுத்தால் போதும்.