கிணற்று நீர்த் தரம்: குழுத் திட்ட அறிக்கைக்கான மதிப்பெண் அளவுகோல்

இளநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு. குழுவுக்கு ஐந்து பேர், மொத்தம் 50 மதிப்பெண். அளந்ததற்கும் அதை வைத்து யோசித்ததற்கும் மட்டுமே 30 போகிறது. அட்டைக்கும் ஸ்பைரல் பைண்டிங்குக்கும் ஒன்றும் கிடையாது.

தரவு: 15 (30%)

13–15: ஒவ்வொரு கிணற்றுக்கும் இடம், ஆழம், மாதிரி எடுத்த தேதி, நேரம் இருக்கின்றன. கடினத்தன்மைக்கான ஈடிடிஏ டைட்ரேஷனில் பியூரெட்டின் தொடக்க அளவும் இறுதி அளவும் அட்டவணையில் உள்ளன. ஒத்துவராத ரீடிங்கை மறைக்காமல் காட்டி, அதை ஏன் விட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

10–12: ரீடிங் எல்லாம் இருக்கிறது; கிணற்றின் விவரம் ஓரிரண்டு விடுபட்டிருக்கிறது.

6–9: சராசரி மட்டும் இருக்கிறது.

0–5: எண் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. எல்லாக் கிணற்றுக்கும் மூன்று ரீடிங்கும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால் ரஃப் நோட்டைக் கேட்பேன்.

பகுப்பாய்வு: 15 (30%)

13–15: ஐஎஸ் 10500 (2012) தரும் ஏற்கத்தக்க அளவையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் அளவையும் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 420 மி.கி. வந்தால் அது 200ஐத் தாண்டிவிட்டது, ஆனால் 600க்குள் இருக்கிறது. ‘குடிக்கத் தகாது’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதாமல் இதை விளக்க வேண்டும். காரணம் சொல்லும்போது உங்கள் தரவே சாட்சி: நைட்ரேட் 45ஐத் தாண்டிய கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழியோ உரம் போடும் வயலோ இருந்ததா?

10–12: ஒப்பீடு சரி, காரணம் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது.

6–9: அட்டவணையில் இருப்பதையே வாக்கியமாக்கியிருக்கிறீர்கள்.

0–5: தர அளவு தப்பு, அல்லது முடிவு தரவோடு முரண்படுகிறது.

குழுவேலை: 10 (20%)

இது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மற்ற 40 குழுவுக்குப் பொது.

8–10: யார் செய்த பகுதியைக் கேட்டாலும் விளக்குகிறார். வேலைப் பகிர்வுப் பக்கம் லேப் நோட்டோடு பொருந்துகிறது.

5–7: தன் பகுதி தெரிகிறது, மற்றது தெரியவில்லை.

0–4: தன் பகுதியிலேயே தடுமாறுகிறார். டைப் அடித்துக் கொடுத்தது மட்டும்தான் வேலை என்றாலும் இங்கேதான்.

எழுத்து: 6 (12%)

5–6: செய்முறையைப் படித்து இன்னொரு குழு அப்படியே செய்யலாம். 3–4: படித்தால் புரிகிறது, இடையிடையே படி விட்டுப்போகிறது. 0–2: ஐந்து பேர் எழுதியதை ஒட்டவைத்தது தெரிகிறது.

மேற்கோள்: 4 (8%)

4: எடுத்த இடத்திலேயே குறிப்பு உண்டு. 2–3: கடைசியில் பட்டியல் மட்டும். 0–1: சொல்லாமல் எடுத்தது.

தரவில் 6க்குக் கீழே போனால் மொத்தம் 20ஐத் தாண்டாது. அந்தக் குழு ஒரு வாரத்துக்குள் மறுபடி மாதிரி எடுத்துத் தரலாம். அப்போது தரவையும் பகுப்பாய்வையும் மட்டும் புதிதாகத் திருத்துவேன்.