மாலை நேரத்தில் தொடர்ந்து துண்டிக்கப்படும் பிராட்பேண்ட் இணைப்பு: கம்பி ஆய்வு கோரி

22.12.2025
கடலூர்

அனுப்புநர்
கோ. மீனாட்சி,
புதுப்பாளையம், கடலூர்.
வாடிக்கையாளர் எண்: 40718852
(100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, மாடி வீடு)

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கடலூர் கிளை.

ஐயா,

நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து எங்கள் வீட்டு இணைப்பு ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இரவு 7.30 மணிக்கு மேல் தடுமாறுகிறது. நேரலை பாதியில் நிற்கிறது, சுழல்கிறது, சில நேரம் அடியோடு அறுந்துபோகிறது. நவம்பர் 24, டிசம்பர் 3, டிசம்பர் 10 என மூன்று முறை புகார் பதிந்தேன். இரண்டு முறை பணியாளர் வந்தார். இரண்டு முறையும் காலை 11 மணி. அந்த நேரத்தில் வேகம் 95 எம்பிபிஎஸ் இருந்தது; புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வந்தவர் பொறுமையாகவே வேலை செய்தார், மோடத்துக்கு வரும் சிறு கம்பியையும் மாற்றிக் கொடுத்தார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோளாறு இல்லாத நேரத்தில் அவரை அனுப்பினால் அவர் எதைக் கண்டுபிடிப்பார்?

எனவே சென்ற வாரம் நானே அளந்து குறித்தேன். வைஃபையை அணைத்து, மடிக்கணினியை லேன் கம்பியால் மோடத்தில் நேரடியாக இணைத்து, ஒவ்வொரு முறையும் அதே சென்னை சர்வரில் மூன்று தடவை சோதித்தேன். கீழே இருப்பது நடு அளவு (எம்பிபிஎஸ்):

டிச. 15, திங்கள்: பிற்பகல் 2.00, பதிவிறக்கம் 94.1, பதிவேற்றம் 92.6, பிங் 9 மில்லிவிநாடி. இரவு 8.10, பதிவிறக்கம் 6.3, பதிவேற்றம் 2.1, பிங் 164.
டிச. 16, செவ்வாய்: காலை 6.45, 93.8. இரவு 7.50, 4.8. அனுப்பிய 100 பிங்குகளில் 18 திரும்பவில்லை.
டிச. 17, புதன்: பிற்பகல் 2.00, 94.4. இரவு 8.30, 11.2. பிறகு 8.41 முதல் 8.47 வரையிலும் 9.05 முதல் 9.09 வரையிலும் மோடத்தில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தது, இணைப்பே இல்லை.
டிச. 18, வியாழன்: இரவு 8.15, 88.0. அன்று மட்டும் தொல்லை இல்லை.
டிச. 19, வெள்ளி: இரவு 8.00, 3.9.
டிச. 20, சனி: இரவு 8.20, 7.4.

மாலையில் எல்லோரும் பார்ப்பதால் வரும் நெரிசல் இது என்று உங்கள் தொலைபேசி உதவி மையத்தில் சொன்னார்கள். அப்படி இருக்க முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் Rx Optical Power பகலில் −21.4 டிபிஎம் காட்டுகிறது. புதன் இரவு 8.35-க்கு அது −27.8. நெரிசலால் வேகம் குறையலாம். கம்பி வழியாக வந்து சேரும் ஒளியின் அளவு குறையாது. அடுத்தது, கீழ்வீட்டிலும் உங்கள் இணைப்புதான், அதே கம்பத்துப் பெட்டியிலிருந்து. அவர்கள் அனுமதியோடு வெள்ளி, சனி இரவுகளில் அதே நிமிடத்தில் அங்கும் சோதித்தோம்: 91, 89. ஆகவே பழுது கம்பத்துப் பெட்டியிலிருந்து எங்கள் மாடிக்கு வரும் கம்பியிலோ அதன் முனைகளிலோதான் இருக்க வேண்டும்.

அந்தக் கம்பி தெருவோரப் புங்க மரத்தின் கிளைகளுக்கு நடுவே வருகிறது. எங்கள் சன்ஷேடின் ஓரத்தில் கட்டுக்கம்பியால் இறுக்கி, கூர்மையாக மடித்துக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி இழை அப்படி மடிந்தால் ஒளி கசியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் புகுந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். மாலையில் மட்டும் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. மாலையில் வந்து பார்க்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வாரத்தில் நான்கு நாள் இரவு 7.30-க்கு இயற்பியல் நேரலை வகுப்பு, பொதுத்தேர்வு நெருங்குகிறது. விட்டுப்போன பகுதியை மறுநாள் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். 76 வயதான என் தாயார் இனி சென்னைக்குப் பயணம் செய்ய முடியாது. மார்கழிக் கச்சேரிகளை நேரலையில் கேட்பதற்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவர். புதன்கிழமை ஆலாபனை நடுவில் திரை உறைந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஒளி அளவுமானியுடன் ஒருவரை இரவு 7.30-க்கும் 9.30-க்கும் இடையே அனுப்புங்கள். இருட்டில் யாரும் கம்பம் ஏற வேண்டாம். இரவில் வீட்டு முனையில் அளந்துவிட்டு, மறுநாள் வெளிச்சத்தில் பெட்டியையும் கம்பியின் முழு நீளத்தையும் பார்த்தால் போதும். கம்பியை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றித் தாருங்கள். அளந்த அளவுகளை எழுத்தில் கொடுங்கள். புகாரை முடிக்கும் முன் ஒரு மாலையில் என்னிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நவம்பர் 24 முதலான நாள்களுக்குக் கட்டணத்தில் உரிய கழிவும் வேண்டும்.

டிசம்பர் 31-க்குள் ஆய்வு நடக்காவிட்டால், மூன்று புகார் எண்களுடன் உங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுவேன். சோதனைகளின் திரைப்பதிவுகளையும் சிவப்பு விளக்கின் படத்தையும் இணைத்திருக்கிறேன். எந்த மாலை வருவதானாலும் வீட்டில் இருப்பேன். முதல் நாள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கோ. மீனாட்சி